கோவலூர் இடைகழியும் அந்தாதியின் கண்ணியும்

அந்தாதி எதற்காக என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: மனப்பாடம் செய்ய எளிது. ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதற்சொல்லாக வருவதால் நூறு பாட்டையும் ஏடு பாராமல் சொல்லிவிடலாம் என்பார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நினைவுக்கு உதவுவது மட்டுமே நோக்கம் என்றால் பாட்டுக்கு எண் போட்டாலும் போதும். அகர வரிசையில் தொடங்கினாலும் போதும். ஒரு சொல்லை முடிவிலும் உடனே தொடக்கத்திலும் நிறுத்தும்போது அந்தச் சொல்லுக்குள் என்ன நடக்கிறது, பாட்டின் பொருள் அதனால் எப்படித் திரும்புகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை பார்க்க விரும்பும் கேள்வி.

கல்வராயன் மலையடியில் இருக்கும் வடக்கனந்தலில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பவர் விடைக்காக நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, கிழக்கே பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர் இருக்கிறது. இன்று திருக்கோவிலூர் என்கிறோம். பொய்கையார், பூதத்தார், பேயார் என்ற மூன்று ஆழ்வார்களும் ஒரு மழையிரவில் அங்கே ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கினார்கள் என்பது வைணவ மரபு சொல்லும் கதை. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இருந்த இடத்தில் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை மூவரும் உணர்ந்தார்கள். நெருக்குபவர் யாரென்று காண முன்னிருவரும் ஆளுக்கொரு விளக்கேற்றிப் பாட, அந்த ஒளியில் கண்டதைப் பேயார் பாடினார்; அவையே முதல், இரண்டாம், மூன்றாம் திருவந்தாதிகள். கதையை வரலாறாகக் கொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம். கோவல் இடைகழி மட்டும் பின்னால் கட்டிய கதை அன்று; பொய்கையாரின் 86ஆம் பாட்டிலேயே அது இருக்கிறது. மூன்று நூலும் வெண்பாவால் ஆனவை. ஒவ்வொன்றிலும் நூறு பாட்டு. மூன்றும் நாலாயிர திவ்யப் பிரபந்தத்தின் இயற்பாவில் அடங்குபவை. தமிழில் முழு நூலாகக் கிடைக்கும் மிகப் பழைய அந்தாதிகளில் இவையும் உண்டு என்பதால், சங்கிலி எப்படி வேலை செய்கிறது என்பதை இவற்றில் வைத்துப் பார்ப்பதே சரியான வழி என்று எண்ணுகிறேன்.

முதலில் கொஞ்சம் இலக்கணம். ஒரு பாட்டின் இறுதியில் உள்ள எழுத்தோ, அசையோ, சீரோ, அடியோ அடுத்த பாட்டின் முதலில் வருவது அந்தாதி. முழுச் சொல் திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; ஓரெழுத்து திரும்பினாலும் போதும். நூலின் கடைசிப் பாட்டு முதற்பாட்டோடு வந்து கூடினால் மண்டலித்தது என்பார்கள். கூடாமல் நேரே போய் முடிந்தால் அது செந்நடை.

வெண்பாவில் இந்த இணைப்புக்குக் கூடுதலான ஓர் இறுக்கம் உண்டு. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஓரசை, அல்லது குற்றியலுகரத்தோடு கூடிய ஓரசை. ஆகவே வெண்பா அந்தாதி பாடுபவர் நூறு இடத்திலும் மிகச் சிறிய சொல்லையே கண்ணியாகப் பிடிக்க வேண்டும். அடுத்த பாட்டின் முதற்சீருக்கோ ஈரசையோ மூவசையோ வேண்டும். முடிவில் ஓரசையாகத் தனித்து நின்ற சிறு சொல் அடுத்த பாட்டின் வாசலில் ஒரு உருபையோ, ஒரு உம்மையையோ, இன்னொரு சொல்லையோ சேர்த்துக்கொண்டு வளர்ந்தாக வேண்டும். பொருள் மாறுவதற்கான முதல் இடம் இதுவே. பல இடங்களில் சொல் அப்படியே திரும்பி வருவதில்லை, வளர்ந்துதான் வருகிறது.

இரண்டாவது காரணம் தமிழ் வாக்கியத்தின் இயல்பு. நாம் பேசும் வரிசையில் வினை கடைசியில் நிற்கும். வினையில் முடிந்து வினையிலேயே தொடங்கினால் நூறு பாட்டும் ஏவலும் எச்சமுமாகத் தட்டையாகிவிடும். அதனால் இந்தக் கவிஞர்கள் பல பாட்டுகளில் வாக்கியத்தைப் புரட்டி, சொல்ல வேண்டியதை எல்லாம் முன்னே சொல்லிவிட்டு, அது யாரைப் பற்றியது, எதைப் பற்றியது என்பதைக் கடைசிச் சொல்லாக வைக்கிறார்கள். கேட்பவர் முழுப் பாட்டையும் எழுவாய் தெரியாமலே கேட்டு, முடிவில் அதைப் பெறுகிறார். பெற்ற மறுநொடியே அந்தச் சொல் அடுத்த பாட்டின் தொடக்கமாகி, இன்னொரு செய்திக்குத் தலைப்பாகிவிடுகிறது. ஒரு பாட்டில் விடையாக வந்தது அடுத்த பாட்டில் பேசுபொருளாகிறது. அந்தாதியின் பொருளியக்கம் பெரும்பாலும் இந்த ஓர் அசைவில்தான் இருக்கிறது.

பொய்கையாரின் முதல் ஏழு பாட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதற்பாட்டில் உலகம் அகல், கடல் நெய், கதிரவன் சுடர். அப்படியொரு விளக்கேற்றி, துன்பக்கடல் நீங்க வேண்டும் என்று சொல்மாலை சூட்டியதாகப் பாடி முடிக்கிறார். கடைசிச் சொல் ‘என்று’. இது எண்ணத்தை முடித்து மூடும் சொல். இதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை என்பது போன்ற இடம். அடுத்த பாட்டும் ‘என்று’ எனவே தொடங்குகிறது, ஆனால் இங்கே அது எந்த நாளில் என்னும் கேள்வி. கடலைக் கடைந்தது எந்நாள், நீரேற்றுப் பெற்றது எவ்வுலகம், எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பாட்டு போகிறது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. முடித்து வைத்த சொல்லே கேட்கத் தொடங்குகிறது. உலகையே அகலாக்கிய பெருமிதம், தெரியாது என்று சொல்லும் நிலைக்கு ஒரே சொல்லில் இறங்கிவிடுகிறது. நூலின் முதற்கண்ணியிலேயே இவ்வளவு பெரிய திருப்பத்தை வைத்த துணிவை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

இரண்டாம் பாட்டு ‘பார்’ என்று முடிகிறது. அன்று நீ அணைகட்டிப் பின் உடைத்துக் கண்வளர்ந்தது அந்தக் கடல். நீ படைத்து, இடந்து, உண்டு, உமிழ்ந்தது இந்தப் பார் என்பது அதன் கருத்து. மூன்றாம் பாட்டில் அதே பார் ‘பாரளவும்’ ஆகிறது. பார் முழுவதும் ஓரடியாக, அதைச் சூழ்ந்த கடல் வரை இன்னோரடியாக நிமிர்ந்தவனைப் பற்றிய பாட்டு. ‘நாள்’ வாய்பாட்டில் நின்ற ஓரசைச் சொல் மூவசைச் சீராக நீண்டிருக்கிறது. அளவு என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டதால் வயிற்றுக்குள் அடங்கிய மண் இப்போது காலுக்கடியில் அளக்கப்படும் மண். அளக்கும் பாட்டில் சொல்லும் அளவு கூடியது என்று பார்ப்பது மிகையாகத் தோன்றலாம். ஓதிக் கேட்டால் அப்படித் தோன்றாது.

மூன்றாம் பாட்டின் முடிவு ‘நெறி’. நீ அளந்த முறை எனக்குப் புரியவில்லை என்கிறார். அங்கே நெறி என்பது அவன் செய்த விதம். நான்காம் பாட்டு ‘நெறிவாசல்’ என்று திறக்கிறது. செல்லும் வழியும் புகும் வாசலும் அவனே என்று. அறிய முடியாத செயல்முறையாக இருந்தது, நாம் நடந்து சேரும் பாதையாக மாறிவிட்டது. இங்கே பொருள் முழுதாக மாறவும் இல்லை, அப்படியே இருக்கவும் இல்லை; ஒரு சொல்லின் இரண்டு பக்கங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கவிஞர் நகர்கிறார். அந்தாதியின் மிக நுட்பமான வகை இதுதான் என்பது என் கருத்து. சிலேடை சட்டென்று தெரிந்துவிடும். இது இரண்டாம் முறை ஓதும்போதுதான் பிடிபடும்.

நான்காம் பாட்டு, ஐம்பொறிகளின் கதவைச் சாத்தி, ஆலமர நிழலில் நால்வருக்கு அறம் சொன்ன ‘அரன்’ என்று முடிகிறது. அரன் இங்கே திருமாலை அறிபவன். ஐந்தாம் பாட்டில் அதே பெயர் முதலில் வந்து, பக்கத்திலேயே நாரணன் என்ற பெயரோடு இணையாக நிற்கிறது. ஒருவருக்கு விடை, மற்றவருக்குப் புள். ஒருவருக்கு வேல், மற்றவருக்கு நேமி. ஒருவர் நெருப்பு நிறம், மற்றவர் கார் நிறம் என்று இருவரையும் நிரல்பட வைத்து, மேனி ‘ஒன்று’ என்று பாட்டு முடிகிறது. அறிபவனாக வந்து நின்ற அரன், ஒரே மேனியின் பாதியாக நடந்து முடிகிறான். இடையில் எந்த வாதமும் இல்லை, ஒரு சொல்லின் இடமாற்றம்தான்.

அந்த ‘ஒன்று’ ஆறாம் பாட்டில் ‘ஒன்றும்’ ஆகிறது. உம்மை சேர்ந்ததும் எண்ணுப்பெயர் போய்விட்டது. எதையும் மறந்தறியேன் என்ற எதிர்மறையின் தொடக்கம் இது. கருவிலேயே அவனைக் கண்டு தொழுதவன் இன்றைக்கு மறப்பேனா என்று கேட்கிறார். இரண்டாம் பாட்டுக்குள் ஒன்றும் உணரேன் என்று சொன்னவர்தான் இவர். நான்கு பாட்டு கடந்ததும் ஒன்றும் மறந்ததில்லை என்று சொல்ல முடிகிறது. இரு மேனி ஒன்றானதைச் சொன்ன சொல்லே இந்த நெருக்கத்துக்கு அவரைக் கொண்டு சேர்த்தது. பாட்டின் முடிவு ‘திசை’: அரங்கத்தில் இருப்பவன் இருக்கும் திக்கு. ஏழாம் பாட்டில் அது ‘திசையும்’ என எல்லாத் திசைகளையும், திசைத் தெய்வங்களையும் குறிக்கிறது. அவை யாவும் அவன் படைத்த மயக்கு என்கிறார். கைதொழுத ஒரு திக்கு எல்லாத் திக்குமாக விரிகிறது.

இனி நம் ஊர்ப் பாட்டுக்கு வருகிறேன். 86ஆம் பாட்டில் பெருமாளும் திருமகளும் கோவல் இடைகழியில் வந்து நிற்கிறார்கள். வாசலைக் கடந்து வெளியே போகவும் இல்லை, உள்ளே புகவும் இல்லை. பாட்டு ‘இனி’ என்று முடிகிறது. இந்த ‘இனி’ ஒரு தங்குதல். இந்த இடத்தையே பற்றிக்கொண்டு இனிமேல் நிற்பது. 87ஆம் பாட்டு ‘இனியார்’ என்று தொடங்குகிறது. இனி யார் நரகவாசலில் புகுவார், தாழைப் போட்டுவிடுங்கள் என்று நமன் தூதரிடம் சொல்வது போல. முன்பாட்டில் வாசல் வெறும் வீட்டு வாசல். அடுத்ததில் அதே வாசல் நரகத்தின் வாசல். புகாமல் நின்றவரின் அருளால் புக ஆளில்லாமல் போன வாசல். ‘இனி’ என்ற காலச்சொல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இங்கே கண்ணி ஒரு சொல்லில் மட்டும் இல்லை. வாசல், புகுதல் என்ற காட்சி முழுவதும் கூடவே தாண்டுகிறது. இப்படிக் காட்சியும் சொல்லும் சேர்ந்து தாண்டும் இடங்கள் நூலில் எங்கும் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பல இடங்களில் சொல் மட்டுமே தாண்டும். ஆனால் இடைகழியைப் பாடிய இடத்தில், உள்ளுக்கும் வெளிக்கும் நடுவில் நிற்பதையே பாடிய இடத்தில், இணைப்பு இவ்வளவு நிறைவாக அமைந்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மூன்று நூல்களும் மண்டலிக்கும் விதம் ஒன்றுக்கொன்று வேறு. பொய்கையாரின் நூறாம் பாட்டு, மனத்தில் ‘வை’ என்று நெஞ்சுக்குச் சொல்லி முடிகிறது. முதற்பாட்டு ‘வையம்’ என்று தொடங்கியது. ஒரே அசைதான் பொது. ஏவல்வினை ஒன்று உலகின் பெயருக்குள் போய்ச் சேருகிறது. வட்டமாக ஓதுபவருக்கு, உள்ளே வை என்ற சொல்லிலிருந்தே வெளியிலுள்ள வையம் மீண்டும் தொடங்கும். பூதத்தார் ‘அன்பே’ என்று தொடங்கி ‘அன்பு’ என்று முடிக்கிறார். தொடக்கத்தில் அன்பு விளக்கின் அகல், அளவுள்ள ஒரு கலம். முடிவில் அந்த அன்பு தன் அளவுக்கு அடங்கவில்லை என்கிறார். சொல் மாறவில்லை, கலம் நிரம்பி வழிந்துவிட்டது. பேயார் ‘திரு’வைக் கண்டேன் என்று தொடங்கி, பூமேல் இருக்கும் ‘திரு’ என்று முடிக்கிறார். சொல்லும் மாறவில்லை, பொருளும் மாறவில்லை. கண்டது கண்டபடியே இருக்கிறது. மூவரில் அவர்தான் கண்டேன் என்று தொடங்கியவர் என்பதை நினைத்தால், அவர் வட்டம் மட்டும் அசையாமல் இருப்பதற்குக் காரணம் புரிகிறது.

சங்கிலி அறுந்ததுபோலத் தெரியும் இடங்களும் உண்டு. இரண்டாம் திருவந்தாதியின் முதற்பாட்டு, ஞானத்தமிழ் புரிந்தவன் யார் என்பதற்கு ‘நான்’ என்று முடிகிறது. இரண்டாம் பாட்டோ ‘ஞானத்தால்’ என்று தொடங்குகிறது. அச்சில் பார்ப்பவருக்குக் கண்ணி விட்டுப்போனது போல இருக்கும். நான் என்பதற்கு ஞான் என்று ஒரு வடிவம் உண்டு. மலையாளத்தில் இன்றும் அதுதான் வழக்கு. ஞகரமும் நகரமும் போலியாக ஒன்றுக்கொன்று வரும். ஞான் என்று வைத்து ஓதினால் அது ஞானத்துக்குள் போய் நுழைந்துகொள்கிறது. ‘தன்னை’க் குறிக்கும் சொல் ‘அறிவை’க் குறிக்கும் சொல்லின் முதலசையாகிவிடுகிறது. விளக்கேற்றியவன் மறைந்து விளக்கு மட்டும் நிற்கும் இடம் அது.

ஏடு பார்த்துப் பதிப்பிப்பவருக்கு இதில் நேரடியான பயன் இருக்கிறது. நடுவில் ஒரு பாட்டு உதிர்ந்திருந்தால் முன்பாட்டின் முடிவும் பின்பாட்டின் தொடக்கமும் ஒட்டாது. இடம் உடனே தெரிந்துவிடும். இரண்டு பாடங்கள் இருந்தால் எது கண்ணியோடு ஒட்டுகிறதோ அதற்கு முன்னுரிமை கொடுக்கலாம். ஆனால் ஒட்டாத இடத்தையெல்லாம் திருத்தத் தொடங்கினால் மேலே சொன்ன ‘நான்’ போன்ற இடங்கள் நாசமாகும். இன்னொரு எல்லையும் இருக்கிறது. ஒரே சொல்லில் தொடங்கி அதே சொல்லில் முடியும் ஒரு பாட்டை யாராவது இடையில் செருகினால் சங்கிலி அதைக் காட்டிக்கொடுக்காது. அதேபோல ஒரே சொல் இரு வேறு இடங்களில் கண்ணியாக வந்தால், மனப்பாடமாக ஓதுபவர் முதலாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குத் தாவிவிடக்கூடும். தாவியது காதுக்குத் தெரியாது. நினைவுக்கு உதவும் என்று நாம் புகழும் கண்ணியே நினைவை வழிமாற்றும் இடம் இது.

இந்த அமைப்பு ஆழ்வார்களோடு தொடங்கியதும் இல்லை. பதிற்றுப்பத்தில் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரலைக் காப்பியாற்றுக் காப்பியனார் பாடிய நான்காம் பத்து முழுவதும் அந்தாதியாக இருக்கிறது. அரசனின் புகழைப் பத்துப் பாட்டாகப் பிரித்தாலும் ஒன்றாகவே கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. சைவத்தில் காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா. அது ‘பிறந்து’ என்று தொடங்கி ‘பிறந்து’ என்றே முடிகிறது. முதலில் பிறப்பது மொழி பயிலும் உயிர். கடைசியில் பிறப்பது காதல். பிறவியே வேண்டாம் என்று பாடும் சமயத்தில், பிறப்பு என்ற சொல்லைக் கைவிடாமல் அதன் பொருளை மட்டும் மீட்டுக்கொண்ட அம்மையாரின் இந்த வட்டத்துக்கு இணையாக இன்னொன்றை நான் கண்டதில்லை.

நம்மாழ்வார் இதை எவ்வளவு பெரிதாக்க முடியும் என்று காட்டினார். திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் ஒரே சங்கிலி. பாசுரத்துக்குப் பாசுரம் மட்டும் இல்லாமல், பதிகத்தின் பயன் சொல்லும் பாட்டும் அடுத்த பதிகத்தோடு கோக்கப்பட்டிருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டு கடந்து, முதற்சொல்லில் இருந்த உயர்வு கடைசிச் சொல்லில் உயர்ந்தவர்களாக வந்து சேருகிறது. முதலில் உயர்வு இறைவனுடையது, முடிவில் அது பாட்டை அறிந்தவர்களுக்கு.

பிற்காலத்தில் வெண்பாவின் இடத்தைக் கட்டளைக் கலித்துறை பெரிதும் பிடித்துக்கொண்டது. அதன் பாட்டு ஏகாரத்தில் முடியும். அடியின் ஐந்தாம் சீர் விளங்காய். ஆகவே கண்ணியாகும் சொல் இப்போது சிறியதாக இருக்க வேண்டியதில்லை, நீளமாகவே இருக்கும். அடுத்த பாட்டில் ஏகாரத்தைக் கழற்றிவிட்டால் போதும். வெண்பாவில் சொல் வளர்ந்தது. கலித்துறையில் சொல் குறைகிறது. அபிராமி அந்தாதி ‘உதிக்கின்ற’ என்று தொடங்கி ‘உதிக்கின்றவே’ என்று முடிகிறது. முதலில் அது கதிரவனைத் தழுவி நிற்கும் பெயரெச்சம், முடிவில் நெஞ்சில் தோன்றுபவற்றைச் சொல்லும் வினைமுற்று. வானத்து உதயம் நெஞ்சின் உதயமாகிவிட்டது. எச்சமாகத் தொடங்கியது முற்றாக முடிந்தது. நூறு பாட்டு அந்த எச்சத்தை முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் என்று சொல்லலாம்.

யமக அந்தாதியில் ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் அதே எழுத்துக்கூட்டம் வேறு வேறு பொருளில் வர வேண்டும். அருணகிரிநாதரின் கந்தரந்தாதியும் பிள்ளைப்பெருமாள் ஐயங்காரின் திருவரங்கத்தந்தாதியும் அந்த வகையில் பெரும் புலமை வேலைகள். ஆனால் உரையில்லாமல் அவற்றைப் படித்துப் பொருள் கொள்வது அரிது. பாட்டின் உள்ளேயே நான்கு முறை சொல் பிரிந்து பிரிந்து பொருள் மாறிவிட்ட பிறகு, பாட்டின் எல்லையில் அது இன்னொரு முறை மாறுவதற்குப் பலம் இருப்பதில்லை. திருப்பம் அரிதாக, ஓரிடத்தில் மட்டும் நடக்கும்போதுதான் கேட்பவருக்குத் திருப்பமாகத் தெரியும். அவற்றின் மேல் எனக்குள்ள மதிப்பு புலவர்கள் மேலுள்ள மதிப்பு; அந்தாதியாக நான் அவற்றைத் தேடிப் போவதில்லை.

ஐரோப்பிய மொழிகளில் பதினான்கு வரிப் பாட்டுகளை மாலையாகக் கோக்கும் முறை ஒன்று உண்டு. அங்கே முன்பாட்டின் கடைசி வரி முழுவதும் அடுத்ததின் முதல் வரியாகிறது. வரி முழுதும் திரும்புவதால் அதன் வாக்கியப் பொருள் பெரிதும் பழையபடியே இருக்கும், சூழல்தான் மாறும். தமிழில் ஒரு சிறு சொல் மட்டும் திரும்புவதால், அது உருபேற்று, உம்மை ஏற்று, வேறு சொல்லோடு புணர்ந்து, இலக்கண வகையையே மாற்றிக்கொள்ள வாய்க்கிறது. ஓரசையே கண்ணி என்ற வெண்பாவின் கெடுபிடி நமக்குப் பெரிய நன்மை செய்திருக்கிறது.

திரைப்பாட்டிலும் இந்த முறை வந்தது. 1976இல் வெளியான ‘மூன்று முடிச்சு’ படத்துக்காகக் கண்ணதாசன் அந்தாதியாக எழுதிய பாட்டு இன்றும் பலருக்கு மனப்பாடம். மெட்டுக்குள் அடங்க வேண்டியிருப்பதால் அங்கே கண்ணி சொல்லாகவும் தொடராகவும் உருமாறாமல் திரும்புகிறது. ஒருவர் விட்ட சொல்லை மற்றவர் எடுத்துக்கொள்கிறார், காதலில் பேச்சு அப்படிக் கைமாறுவது பொருத்தம்தான். அந்தாதி எழுதிப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்வேன். இரண்டாம் பாட்டின் முதற்சொல்லை எடுத்துவிட்டு அதே பொருளுள்ள வேறு சொல்லை வையுங்கள். பொருள் சற்றும் குறையாமல் பாட்டு நின்றால், அங்கே இணைந்திருந்தது ஒலி மட்டுமே. பொய்கையாரின் ‘என்று’ இருக்கும் இடத்தில் எந்நாள் என்று வைத்துப் பாருங்கள்: கேள்வி அப்படியே இருக்கும், ஆனால் முடிந்துபோன வேண்டுதலுக்குள்ளிருந்து அது எழுந்தது என்பது போய்விடும்.